வீட்டுப்பாடமும் அடுத்த வீட்டாரும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்கள் தங்கள் சங்கங்களின் சார்பில் ஆண்டு மலரோ மாத மடலோ வெளியிடுவது வழக்கம். அவற்றில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பற்றித் தாய்மார்கள் குறிப்புகள் எழுதுவதுண்டு. அவை நல்லெண்ணத்தோடு எழுதப்படுபவையே. ஆயினும், படித்து முடித்தவர் சிலருக்குப் பயன்பெற்ற நிறைவைவிட, ‘நம்மைத்தான் இடித்துரைக்கிறார்கள்’ என்ற எண்ணமே மிஞ்சிவிடுகிறது. இதனைத் திருத்தும் வகை யாது என்பதை ஒரு குறிப்பைக் கொண்டே காண்போம்.

தில்லியில் நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவனின் தாயார் இவ்வாறு எழுதுகிறார் என்று கொள்வோம்: “பிள்ளைகள் பள்ளியில் பின்தங்குவதற்குப் பெற்றோரின் அலட்சியமே காரணம். எவ்வளவு வேலையிருந்தாலும் நாள்தோறும் ஒரு மணி நேரமாவது பிள்ளையின் அருகில் அமர வேண்டும். இந்திப் பாடத்தைக்கூடத் தாமே சொல்லிக்கொடுக்காமல் டியூஷனுக்கு அனுப்புவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். நான் என் மகனை ஒருநாளும் அப்படி விட்டதில்லை.”

வாக்கியங்கள் நான்கு. அவற்றுள் ஒன்றிலேனும் அந்த அம்மையார் தம் வீட்டில் என்ன செய்தார் என்பது இல்லை. இருப்பதெல்லாம் தீர்ப்பு. அத்தீர்ப்பும் பெரிய சொற்களில் மட்டும் இருப்பதன்று. நம் மொழியின் சிறிய இடைச்சொற்களிலும் ஒளிந்திருக்கிறது. ‘அலட்சியமே’ என்பதிலுள்ள ஏகாரம் வேறு காரணங்கள் அனைத்தையும் விலக்கிவிடுகிறது. ‘ஒரு மணி நேரமாவது’ என்பது, அதனினும் குறைந்தவர் கணக்கில் சேரார் என்கிறது. இவற்றுள் மிகக் கூரியது ‘இந்திப் பாடத்தைக்கூட’ என்பது. சென்ற ஆண்டுதான் திருநெல்வேலியிலிருந்து வந்து, கடைப் பலகையிலுள்ள தேவநாகரி எழுத்துகளைக் கூட்டிப் படிக்கப் பழகிவரும் ஒரு தாய் இதைப் படித்தால், அவர் மனம் என்ன பாடுபடும்! அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவாரா என்பதே ஐயம்.

‘நீங்கள்’ என்னுமிடத்தில் ‘நான்’ என்று மாற்றிவிட்டால் போதும் என்று சிலர் கருதுவர். போதாது. மேற்கண்ட குறிப்பின் கடைசி வாக்கியம் ‘நான்’ என்றே தொடங்குகிறது. பிறரை மிகுதியாகச் சுடுவதும் அதுவே. மாற்ற வேண்டியது சொல்லை அன்று, செய்தியை. அந்த அம்மையாரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். எந்தப் பாடம் தொல்லை தந்தது? எத்தனை மணிக்கு உட்கார்ந்தீர்கள்? வீட்டில் யார் இருந்தார்கள்? எது பலிக்கவில்லை? விடைகளைக் கொண்டு எழுதினால் குறிப்பு ஏறக்குறைய இவ்வாறு அமையும்:

“என் மகன் நான்காம் வகுப்பில் படிக்கிறான். நான் வேலைக்குச் செல்வதில்லை. திருமணத்துக்கு முன்பே இந்தி படித்திருந்தேன். பள்ளியிலிருந்து வந்தவுடன் எழுத உட்கார வைத்தபோது அவன் அழுதான். சிற்றுண்டி கொடுத்து, சற்று விளையாடவிட்டு, 6 மணிக்கு உட்கார வைத்தபின் சச்சரவு குறைந்தது. தமிழில் ஒரே ககரத்தால் நாம் எழுதும் ஒலிகளுக்கு இந்தியில் நான்கு எழுத்துகள் இருப்பதால், அவற்றை மாற்றி எழுதிவந்தான். நாளுக்கு 5 சொற்களை நான் உரக்கச் சொல்ல, அவன் எழுதினான். ஒரு மாதத்தில் பிழைகள் குறைந்தன. கணக்கில் என் முயற்சி பலிக்கவில்லை. அதற்கு அண்டை வீட்டுக் கல்லூரி மாணவி உதவுகிறாள்.”

இப்போது வேலைக்குச் செல்லும் தாய், ‘இவருக்கு மாலையில் ஓய்வு இருந்தது, எனக்கு இல்லை’ என்று தாமே அளந்துகொள்வார். 6 மணியை விட்டுவிட்டு 5 சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வார். இந்தி அறியாதவரோ, சொற்களைச் சொல்லும் வேலையை வேறொருவரிடம் ஒப்படைக்கலாம். சூழ்நிலையைச் சொன்னதனால் வந்த பயன் இது. கணக்கில் பலிக்காததைச் சொன்னதும் வீணன்று. டியூஷனுக்கு அனுப்புகிறவரும் அந்த வரிக்குப் பின் தலைநிமிர்ந்து படிப்பார்.

நேர அளவு கூறியே தீரவேண்டுமென்றால், அதனைத் தம் கருத்தாக அல்லாமல் ஆதாரத்தோடு கூறலாம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது என்றும், மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு 2 மணி நேரத்துக்கு மேற்படலாகாது என்றும் கூறுகிறது. ‘நாள்தோறும் ஒரு மணி நேரமாவது’ என்ற அறிவுரை இதனோடு எவ்வளவு முரண்படுகிறது, பாருங்கள்!

அனுபவம் என்ற பெயரால் எதையும் அச்சேற்றலாம் என்று பொருளில்லை. ‘அடித்து எழுத வைத்தேன், பலித்தது’ என்று ஒருவர் எழுதினால், மடலைத் தொகுப்பவர் அதை நீக்கிவிட வேண்டும், காரணத்தையும் அவரிடமே தனியாகச் சொல்ல வேண்டும்.

எஞ்சியிருப்பது தலைப்பு. உள்ளே எத்துணை நயமாக எழுதினாலும், ‘பொறுப்புள்ள பெற்றோருக்கு’ என்று மேலே போட்டுவிட்டால் பழைய தீர்ப்பு வாசலிலேயே வந்து நின்றுகொள்ளும். ‘எங்கள் வீட்டில் நான்காம் வகுப்பு இந்தி’ என்று போடலாம்.