விருத்தத்தை எண்ணிக் காட்டுவதா, நடந்து காட்டுவதா?
(காரைக்குடிக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)



சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. கம்பனின் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையும் தொலைவில் இல்லை. இந்த மண்ணில் யாப்பைப் பற்றித் தலைமையுரை ஆற்ற அழைத்தது எனக்குப் பெருமைதான். ஆனால் முன்வரிசையில் காரிகையைக் கரைத்துக் குடித்தவர்கள் நால்வராவது இருக்கிறீர்கள். பெருமையைவிட நடுக்கமே சற்று மிகுதி.

'முதன்முதலாகச் செய்யுள் படிக்கும் மாணவருக்கு யாப்புச் சொற்களை விளக்குவது எப்படி' என்பது நமக்குத் தந்திருக்கும் தலைப்பு. அதில் பெரும்பகுதியை விரைவில் கடந்துவிடலாம். கண்ணி, பல்லவி ஆகியவை மாணவருக்குப் புதியவை அல்ல. திருப்பாவையின் 30 பாட்டும் ஒரே சொல்லில் முடிவதை மார்கழியில் கேட்டவருக்குத் திரும்பத் திரும்ப வரும் அடியின் வேலை என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தொடையில் மட்டும் ஓர் இடத்தில் தடுக்கும். திரைப்பாட்டு கேட்டு வளர்ந்த காது ஒலியொப்புமையை அடியின் கடைசியில் தேடும். அது இயைபு. நம் விருத்தக்காரர்கள் அடியின் தலையில், இரண்டாம் எழுத்தில் வைத்தார்கள், அது எதுகை. 'வீதி'க்குச் 'சோதி' எதுகையாகும். 'விதி' ஆகாது, முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். இவ்வளவு சொன்னால் ஒரு பாடவேளைக்குள் மாணவரே கண்டுபிடிக்கத் தொடங்கிவிடுவார். இவற்றைப் பற்றி நல்ல கட்டுரைகள் பிற்பகல் அமர்வில் வருகின்றன.

என் வழக்கு வேறு. மாணவர் உண்மையில் இடறுவது சந்தத்தில். அவரை இடற வைப்பது நாம்.

பள்ளியில் கம்பன் பாட்டு ஒன்றைக் காட்டி, 'இது அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம்' என்று எழுதிப்போடுகிறோம். அடிக்கு ஆறு சீர், அளவொத்த நான்கு அடி. எண்ணினால் சரியாக வருகிறது. அடுத்த வாரம் இன்னொரு பாட்டு, அதற்கும் அதே பெயர். இரண்டையும் வாய்விட்டுப் படித்த மாணவர், 'ஐயா, இரண்டும் ஒரே மாதிரி இல்லையே' என்கிறார். நாம் மறுபடியும் சீரை எண்ணிக் காட்டுகிறோம். அவர் காது சொன்னதை நம் விரல் மறுக்கிறது.

பழம்பாட்டுகளைத் தொடாமல், இதற்கென்றே நான் கட்டிய இரண்டு அடிகளைச் சொல்கிறேன். கவிதை நயம் தேடாதீர்கள். நடையை மட்டும் கேளுங்கள்.

வீதியில் வெயிலும் தூங்க வேலியில் குருவி பேச

இது முதலாவது. இரண்டாவது இது:

வீதி எங்கும் வெயில்தூங்க வேலி தோறும் குயில்கூவ

பொருள் ஏறக்குறைய ஒன்று. இரண்டிலும் சீர் ஆறு. முதற்சீருக்கும் நான்காம் சீருக்கும் மோனை இரண்டிலும் உண்டு. இவற்றைப்போல நான்கு நான்கு அடி எழுதினால் காரிகை இரண்டுக்கும் ஒரே பெயர்தான் தரும். ஆனால் வாய்பாட்டைச் சொல்லிப் பாருங்கள். முதலாவது, கூவிளம் புளிமா தேமா, கூவிளம் புளிமா தேமா. இரண்டாவது, தேமா தேமா புளிமாங்காய், தேமா தேமா புளிமாங்காய். முதலாவது நீண்டு தொடங்கிச் சுருங்கி நிற்கிறது. இரண்டாவது இரண்டு சிறு எட்டு வைத்து மூன்றாவதில் தாவுகிறது. மாணவர் கேட்டது இதைத்தான்.

இப்போது முதல் அடியில் 'வெயிலும்' என்பதை 'வெயிலெல்லாம்' என்று மாற்றுங்கள். சீர் அப்போதும் ஆறுதான். எண்ணுகிறவருக்குக் குற்றம் தெரியாது. படிக்கிறவரின் நாக்கு மட்டும் இரண்டாம் சீரில் தட்டும், ஏனென்றால் மா நிற்க வேண்டிய இடத்தில் காய் வந்துவிட்டது. எந்த இடத்தில் நெகிழலாம், எங்கே கூடாது என்பதற்கும் கணக்கு உண்டு. இந்த நடையில் முதற்சீர் கூவிளமாகவும் இருக்கலாம், கருவிளமாகவும் இருக்கலாம். இரண்டாம் சீர் எந்த மாவாகவும் வரலாம். மூன்றாம், ஆறாம் இடங்களில் தேமாவே வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்த மாணவர் அச்சுப்பிழையைக்கூடக் காதால் பிடிப்பார்.

இந்தக் கணக்கை முறையாக வகுத்துத் தந்தவர் தி. வீரபத்திர முதலியார். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த அவருடைய 'விருத்தப்பாவியல்' நம் பாடத்திட்டங்களில் எங்கே இருக்கிறது? காரிகைக்குக் குணசாகரர் உரை முதல் நேற்றைய வழிகாட்டி வரை வாங்கி அடுக்கியிருக்கிறோம். இந்த நூலைப் பலர் பெயரளவில்கூட அறியமாட்டார்கள்.

என் கெழுதகை நண்பர் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மேடையில் 'அது இலக்கணம் அல்ல, பட்டியல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கைதட்டலும் கிடைத்தது. அன்று பதில் சொல்ல எனக்கு நேரம் தரப்படவில்லை. இன்று தலைவர் என்ற முறையில் நேரம் என் கையில் இருக்கிறது. நண்பரே, பட்டியல்தான், ஒப்புக்கொள்கிறேன். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்று அமிதசாகரர் வகுத்த கட்டுக்கோப்பு அதில் இல்லை. கம்பனிடம் எந்த வாய்பாட்டிலும் முழுதாக அடங்காத பாட்டுகளும், மாத்திரை எண்ணினால் மட்டுமே பிடிபடும் சந்தங்களும் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. அங்கே முதலியாரும் துணைக்கு வரமாட்டார்.

ஆனால் அமிதசாகரரின் நோக்கம் என்ன? நான்கு பாக்களே அவருக்கு முதன்மை. வெண்பாவுக்கு அவர் தளை பார்த்தார். ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாடே உண்டு. விருத்தம் அவர் நூலில் இனமாக, பின்வரிசையில் நிற்கிறது. சிந்தாமணி போன்ற விருத்தக் காப்பியம் வந்த பிறகும் அவர் அதற்குத் தந்தது சீர் எண்ணிக்கையும் அடி எண்ணிக்கையும்தான். அது அவர் குறையன்று. வெண்பாவுக்குச் செய்த கருவியைப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கம்பன் பாட்டுக்கும் போதும் என்று நீட்டிக்கொண்டிருப்பது நம் குறை.

குன்றக்குடி முருகன்மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழைக் கற்பிக்கும்போது மட்டும் நாம் யாரும் சீர் எண்ணித் தொடங்குவதில்லை. தனதான என்று குழிப்பைச் சொல்லிவிட்டுத்தான் பாட்டுக்குள் போகிறோம். திருப்புகழுக்குத் தரும் உரிமையைக் கம்பனுக்கு ஏன் மறுக்கிறோம்?

ஆகவே இந்தக் கருத்தரங்கு ஒரு பரிந்துரை செய்ய வேண்டும் என்று கேட்கிறேன். பாடநூலில் விருத்தம் வரும் இடமெல்லாம் பாவின் பெயருக்கு முன்னால் அதன் வாய்பாட்டை அச்சிட வேண்டும். முதல் வகுப்பில் ஆசிரியர் வாய்பாட்டையே பாட்டின் நடையில் சொல்லிக்காட்டி, பிறகு பாட்டைப் படிக்க வேண்டும். அறுசீர், எழுசீர் என்ற பெயர்கள் அடுத்த வாரம் வரட்டும். அசை பிரிப்பது அதற்கும் பிறகு.

மறுப்பு வரும் என்று தெரியும், வரவேற்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மறுக்க எழுகிறவர், நான் சொன்ன இரண்டு அடிகளுக்கும் காரிகையிலிருந்து வேறு வேறு பெயர் காட்டிவிட்டுப் பேச வேண்டும். காட்ட முடிந்தால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

முதல் அமர்வைத் தொடங்கலாம்.