பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு வார நேரக் கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நம்ம குழு அம்மாக்கள் கேட்கிற கேள்வி எல்லாம் ஒன்றுதான். "டீச்சர், பள்ளிக்கூடம் போறா, சாயங்காலம் ட்யூஷன் போறா, ராத்திரியும் புத்தகத்தோட உட்கார்றா. ஆனா மார்க் மட்டும் ஏறலை. ஏன்?" இதற்குப் பொதுவாகப் பதில் சொல்வதைவிட, போன வருஷம் நம்ம உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு நாங்கள் போட்ட நேர அட்டவணையையே எடுத்துச் சொல்கிறேன். பெயர் வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அரையாண்டு மதிப்பெண்: தமிழ் 71, ஆங்கிலம் 43, கணக்கு 38, அறிவியல் 52, சமூக அறிவியல் 58. தேர்ச்சிக்கு 35 வேண்டும். கணக்கில் நான்கு மதிப்பெண் இறங்கினால் போச்சு. கணக்குக்கும் அறிவியலுக்கும் குழுவில் உள்கடன் எடுத்துத்தான் ட்யூஷன் சேர்த்திருந்தாங்க. மார்க்கைப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம் வந்தாங்க. "டீச்சர், இன்னொரு கடன் போட்டு இங்கிலீஷுக்கும் காலையில ஒரு ட்யூஷன் சேர்த்திடலாமா?" என்று கேட்டாங்க. முதலில் நேரத்தை எண்ணிப் பார்ப்போம், பிறகு கடனைப் பார்ப்போம் என்றேன்.

நம்ம ரொக்கப் புத்தகத்தில் என்ன செய்கிறோம்? கையில் எவ்வளவு இருக்குன்னு தெரியாமல் யாருக்கும் கடன் எழுதுவதில்லை. நேரமும் அப்படித்தான். அந்தப் பெண் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டி வைத்திருந்தாள். அதில் தினமும் ஐந்து மணி நேரம் படிப்பு. புதன்கிழமைக்கு மேல் அது ஒரு வாரமும் ஓடினதில்லை. ஏன் ஓடவில்லை என்று மூன்று நாள் அவளையே எழுதச் சொன்னேன். எத்தனை மணிக்கு எழுந்தாள், எப்போது பஸ் ஏறினாள், எப்போது சாப்பிட்டாள், அவ்வளவுதான்.

காலை 5.30க்கு எழுந்து இரவு 10க்குப் படுத்தால் விழித்திருப்பது பதினாறரை மணி நேரம். 8.15க்குக் கிளம்பிப் பள்ளி முடிந்து 5 மணிக்கு வீடு வருகிறாள். அதில் எட்டே முக்கால் போச்சு. ட்யூஷன் 6லிருந்து 8 வரை, நடந்து போய் வருவதோடு சேர்த்து இரண்டரை மணி. மீதி ஐந்தே கால். குளிப்பது, தண்ணீர் பிடிப்பது, தம்பியைக் கிளப்புவது, சாப்பிடுவது, வீட்டுக்கு வந்து கொஞ்சம் உட்காருவது எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம். கடைசியில் கையில் நிற்பது இரண்டே கால் மணி நேரம்! ஐந்து மணி நேர அட்டவணை எப்படி ஓடும்? பிள்ளை சோம்பேறி இல்லை, இருப்புக்கு மேல் செலவு எழுதியிருக்கிறாள்.

வார நாள் ஐந்துக்கும் சேர்த்துப் பதினொன்றே கால் மணி. சனிக்கிழமை ஐந்தரை, ஞாயிற்றுக்கிழமை ஆறே கால். ஆக வாரத்துக்கு 23 மணி நேரம். இதுதான் அவள் இருப்பு. தூக்கத்தில் கை வைக்கவில்லை. இரவு 10லிருந்து காலை 5.30 வரை ஏழரை மணி நேரத் தூக்கம் அப்படியே இருக்கட்டும் என்று முதலிலேயே எழுதிவிட்டோம். இரவு 12 வரை படித்ததை மறுநாள் காலை கேட்டால் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த நேரம் கணக்கில் சேராது.

இப்போது ஆங்கில ட்யூஷனுக்கு வருவோம். தினமும் காலையில் ஒன்றேகால் மணி நேரம் அதற்குப் போனால், காலைப் படிப்பு முழுவதும் அதற்கே சரியாகிவிடும். தமிழுக்கும் சமூக அறிவியலுக்கும் வார நாளில் ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. இதை எழுதிக் காட்டியதும் அந்த அம்மாவே "அப்ப வேணாம் டீச்சர்"னு சொல்லிட்டாங்க. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பாடத்தில் ஒரு பத்தியைக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளை என்றால் தானாகப் படி என்று விட முடியாது, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். அப்போதும் புதிதாக நேரம் சேர்க்காமல், இருக்கிற ஐந்து ட்யூஷன் நாளில் இரண்டை ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் வழி. இந்தப் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியும். எழுதிப் பழக்கம் இல்லை.

அடுத்து, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு? மொத்த மார்க்கை மட்டும் பார்த்தால் இது தெரியாது. விடைத்தாளைக் கையில் எடுக்க வேண்டும். அவள் கணக்கு விடைத்தாளில், ஐந்து மதிப்பெண் கணக்கு பத்து எழுத வேண்டிய இடத்தில் ஆறுதான் எழுதியிருந்தாள். வடிவியல் படம் ஒன்று, வரைபடம் ஒன்று, இரண்டுக்கும் தலா எட்டு மதிப்பெண். படம் பாதியில் நின்றது, மூன்று கிடைத்தது. வரைபடத்தைத் தொடவே இல்லை. பதினாறில் பதின்மூன்று அங்கேயே போச்சு. இந்த இரண்டும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வராது, ஸ்கேலும் காம்பஸும் எடுத்து வரைந்தால்தான் வரும். அதனால் சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் இதற்கென்றே வைத்தோம்.

ட்யூஷனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே சார் போர்டில் போடும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். நோட்டை மூடிவிட்டு அதே கணக்கைத் தானாகப் போட்டுப் பார்த்தால்தான் வந்ததா இல்லையா என்று தெரியும். அதனால் இரவு ஒரு மணி நேரத்தை அன்றைய ட்யூஷன் பாடத்துக்கே கொடுத்தோம். நோட்டைப் பார்க்காமல் நான்கு கணக்கு, அல்லது அறிவியல் என்றால் ஒரு பெரிய விடையும் அதன் படமும். எழுதுகிற வேலை இரவிலும், படிக்கிற வேலை காலையிலும் வைத்ததற்குக் காரணம், இரவில் படிக்கிற பிள்ளை தூங்கிவிழும், எழுதுகிற பிள்ளை அவ்வளவு சீக்கிரம் தூங்காது.

நாங்கள் போட்ட அட்டவணை இதுதான்:

திங்கள்: காலை 5.45–7.00 ஆங்கிலம், இரவு 8.45–9.45 கணக்கு
செவ்வாய்: காலை சமூக அறிவியல், இரவு அறிவியல்
புதன்: காலை ஆங்கிலம், இரவு கணக்கு
வியாழன்: காலை தமிழ்; இரவு அறிவியல்
வெள்ளி: காலை சமூக அறிவியல், இரவு கணக்கு
சனி: காலை 6–7 ஆங்கிலம் எழுதுதல், 7–8 வடிவியல், வரைபடம், மதியம் 2–3 அறிவியல், 3–4 தமிழ், மாலை 6.30–8 காலி
ஞாயிறு: காலை 6.30–8 தேர்வுக்குத் திருப்புதல், 10–1.15 முழு வினாத்தாள், மாலை 6.30–8 அந்த விடைத்தாளைத் திருத்துதல்

சனிக்கிழமை மாலை காலியாக இருப்பதைப் பார்த்து, "எதுக்கு டீச்சர் சும்மா விடணும்?"னு அவங்க அம்மா கேட்டாங்க. நாம் சேமிப்பு வைப்பது எதுக்கு? ஒரு நாள் கரண்ட் போகும், ஒரு நாள் விசேஷ வீடு, ஒரு நாள் வயிற்று வலி. அந்த வாரத்தில் விட்டதெல்லாம் அந்த ஒன்றரை மணி நேரத்தில் அடைபடும். எதுவும் விடவில்லை என்றால் பிள்ளை விளையாடட்டும். தொடர்ந்து இரண்டு வாரம் விட்டது அதில் அடங்கவில்லை என்றால் அட்டவணை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம், வேலையைக் குறைக்க வேண்டும்.

கட்டத்தில் வெறுமனே 'கணக்கு' என்று எழுதக் கூடாது. எதை எடுப்பது என்று யோசிப்பதிலேயே கால் மணி போகும். "அளவியல், கூம்பு, நான்கு கணக்கு" என்று எழுதினால் உட்கார்ந்ததும் வேலை தொடங்கும், முடிந்ததா இல்லையா என்று அம்மாவுக்கும் தெரியும். இதை ஞாயிறு மாலை, விடைத்தாளைத் திருத்தி முடித்த பிறகு எழுத வேண்டும்.

ஞாயிறு தேர்வு வாரம் ஒரு பாடம். ஐந்து வாரத்தில் ஐந்தும் ஒரு சுற்று வரும். பொதுத்தேர்வு நடக்கிற அதே காலை நேரத்தில், கடிகாரம் வைத்து எழுதச் சொன்னோம். திருத்தும்போது போன மதிப்பெண்ணை மூன்றாகப் பிரித்தாள்: தெரியாமல் விட்டது, தெரிந்தும் தப்பாக எழுதியது, நேரம் போதாமல் விட்டது. தெரியாமல் விட்டது அடுத்த வாரக் கட்டத்தில் போகும். தப்பாக எழுதியதைச் சனிக்கிழமை மறுபடி எழுத வேண்டும். நேரம் போதவில்லை என்றால், அடுத்த தேர்வில் ஒரு மதிப்பெண் வினாக்களைச் சீக்கிரம் முடித்துவிட்டுப் பெரிய விடைக்குப் போகணும். முதல் கணக்குத் தேர்வில் அவளுக்கு அதிகம் போனது நேரம் போதாமல்தான். தெரியாத ஒரு கணக்கையே பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் போக்கியிருந்தாள்.

அட்டவணை ஒருமுறை உடையத்தான் செய்தது. பிப்ரவரியில் பள்ளியில் சிறப்பு வகுப்பு வைத்ததால் வீட்டுக்கு வர ஆறு மணி ஆச்சு, ட்யூஷனுக்கு நேராக ஓட வேண்டியதாச்சு. இரவில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அப்போது வாரத்தில் இரண்டு நாள் ட்யூஷனை நிறுத்தி, அந்த மாலையை அவளுக்கே கொடுத்தோம். கடன் வாங்கிக் கட்டின பணம் ஆச்சே என்று அம்மாவுக்கு மனசு வரவில்லைதான். ஆனால் சார் நடத்துவது அதற்குள் முடிந்து, திருப்புதல்தான் நடந்துகொண்டிருந்தது. அதைவிடத் தானாக எழுதிப் பார்ப்பதுதான் அவளுக்கு அப்போது தேவைப்பட்டது.

வீட்டிலும் ஒரு மாற்றம் செய்தாங்க. காலையில் தண்ணீர் பிடிக்கிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். ஞாயிறு குழுக் கூட்டத்தை மதியம் மூன்று மணிக்கு வைத்ததால் காலைத் தேர்வு நேரத்தில் அம்மா வீட்டில் இருந்து தம்பியைப் பார்த்துக்கொண்டாங்க. நம்ம தீர்மானப் புத்தகத்தை மகளை விட்டு எழுதச் சொல்கிற பழக்கம் நிறைய குழுவில் இருக்கு. பொதுத்தேர்வு முடியும்வரை அதை வேறு யாராவது எழுதுங்க.

பொதுத்தேர்வில் அவள் கணக்கில் 61, ஆங்கிலத்தில் 57. வரைபடத்துக்கு எட்டும் கிடைத்திருக்கும் என்று அவளே கணக்குப் போட்டுச் சொன்னாள். மற்ற பாடங்களில் இறங்கவில்லை. இரண்டாவது கடன் எடுக்கவே இல்லை.

உங்கள் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் நாளையிலிருந்து மூன்று நாள் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். அரையாண்டு விடைத்தாளையும் எடுத்துக்கொண்டு அடுத்த குழுக் கூட்டத்துக்கு வாங்க, சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.