இருபத்தைந்து நிமிடம் கேட்டு ஒரு மின்னஞ்சல்

(நமது நலச்சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் மூன்று நான்கு வீட்டுப் பிள்ளைகள் மாத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பட்டறை நடத்துகிறார்கள், அல்லது அங்கே வேலை பார்க்கிறார்கள். "புது வாடிக்கையாளருக்கு மெயில் போட்டால் பதிலே வருவதில்லை. அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கொள்முதல் பிரிவில் பல வருடம் அந்த மெயில்களைப் படித்தவன் என்ற முறையில் பேசுகிறேன்.

மாத்தூரில் இருப்பவர்களுக்கு இது ஏன் புதுப் பாடம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அங்குள்ள பட்டறைகளில் பல, திருவெறும்பூர் பெல் நிறுவனத்தை நம்பியே வளர்ந்தவை. தகடும் வரைபடமும் அங்கிருந்து வரும். இவர்கள் வெட்டி, வளைத்து, பற்றவைத்து, டன்னுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். வாடிக்கையாளர் ஒருவரே. அவரிடம் "உங்களைச் சந்திக்கலாமா" என்று எழுத வேண்டிய தேவை இல்லை. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோதுதான் வெளியே தேட வேண்டி வந்தது. வெல்டர்களுக்கு வாரச் சம்பளம் கொடுத்துக்கொண்டே தேட வேண்டும் என்பதால் அவசரம் வேறு.

அந்த அவசரத்தில் எழுதும் மெயில் எப்படி இருக்கும்? "நாங்கள் முப்பது வருட அனுபவம் உள்ள முன்னணி நிறுவனம். இத்துடன் எங்கள் விவரக் குறிப்பை இணைத்துள்ளோம். தங்களை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படிக்கும் கொள்முதல் மேலாளருக்குத் தான் எதற்குச் சம்மதிக்கப் போகிறோம் என்பது தெரியவில்லை. பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா? விலை கேட்டு நெருக்குவாரா? வடிவமைப்புப் பிரிவு ஆளையும் கூப்பிட வேண்டுமா? இந்தக் கேள்விகளுக்கு விடை இல்லாதபோது அவர் மறுப்பதுகூட இல்லை. மெயிலை அப்படியே விட்டுவிடுவார். நானும் அதைத்தான் செய்தேன்.

இப்போது ஒரு மெயிலை எழுதிப் பார்ப்போம். மாத்தூர் பட்டறை ஒன்று, கோயம்புத்தூரில் பயோமாஸ் கொதிகலன் செய்யும் நிறுவனம் ஒன்றுக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் சொல்கிறேன்.

"பொருள்: எரிபொருள் ஹாப்பர், டக்ட் வேலை – 25 நிமிட வீடியோ சந்திப்பு – ஜூன் 10 அல்லது 12

ஐயா, கொதிகலனின் ஹாப்பர், டக்ட், தாங்கு சட்டங்களை வெளியே கொடுத்துச் செய்வீர்களானால், எங்கள் பட்டறை அதற்குப் பொருந்துமா என்று பார்க்க 25 நிமிடம் கேட்கிறேன். எங்களிடம் ஐபிஆர் அங்கீகாரம் இல்லை. அதனால் அழுத்தம் தாங்கும் பாகங்களைச் செய்வதில்லை.

முதல் 5 நிமிடம், எந்தப் பாகங்களை வெளியே கொடுக்கிறீர்கள், எதில் தாமதம் வருகிறது என்று நீங்கள் சொல்ல நாங்கள் கேட்கிறோம். அடுத்த 15 நிமிடம், உங்கள் வரைபடம் ஒன்றை வைத்து எதை இங்கேயே செய்ய முடியும், எதை முடியாது, எத்தனை நாளாகும் என்று சொல்கிறோம். கடைசி 5 நிமிடத்தில், விலைப்புள்ளி கேட்டு அனுப்பும் அளவுக்குப் பொருத்தம் இருக்கிறதா என்று நீங்கள் சொன்னால் போதும். விலையை அன்று பேச வேண்டாம்.

உங்கள் பக்கத்திலிருந்து தேவைப்படுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு ஹாப்பர் வரைபடம், முந்தைய நாள் மதியத்துக்குள். அனுப்ப இயலாவிட்டால் எங்கள் மாதிரி வரைபடத்தை வைத்துப் பேசலாம். எங்கள் பக்கத்தில் நானும் தரக்கட்டுப்பாடு பார்ப்பவரும் இருப்போம். உங்கள் பக்கத்தில் நீங்கள் மட்டும் போதும்.

ஜூன் 10 செவ்வாய் காலை 11 மணி, அல்லது 12 வியாழன் மாலை 4 மணி. இப்போது தேவை இல்லையென்றால் 'இல்லை' என்று ஒரு வரி போதும்."

இதில் சில இடங்களில் நின்று பார்க்க வேண்டும். ஐபிஆர் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுவது பலருக்குக் கசக்கும். "அதைச் சொன்னால் கூப்பிடவே மாட்டானே" என்பார்கள். அழுத்தப் பாகம் செய்யத்தான் ஆள் தேடுகிறார் என்றால் கூப்பிட மாட்டார், சரிதான். அது சந்திப்பின் இருபதாவது நிமிடத்தில் வெளிவந்தால் அவருடைய நேரமும் போய், நம் மேல் இருந்த நம்பிக்கையும் போகும். பின்னால் ஹாப்பர் வேலை வந்தால்கூட நம் பெயர் அவர் நினைவில் நல்லபடியாக இருக்காது.

முன் தயாரிப்பை ஒரே ஒரு தாளோடு நிறுத்தியதையும் கவனியுங்கள். வருடத் தேவை எவ்வளவு, இப்போது யாரிடம் வாங்குகிறீர்கள், என்ன விலை என்று நிரப்பச் சொல்லிப் படிவம் அனுப்புகிறவர்கள் உண்டு. வேலை நம்முடையது, வீட்டுப்பாடத்தை அவருக்குக் கொடுக்கக் கூடாது. வரைபடம் வராவிட்டாலும் சந்திப்பு நடக்கும் என்ற மாற்று வழி அவசியம். அப்போது காட்டும் மாதிரி நம்முடையதாகவே இருக்க வேண்டும். பழைய வாடிக்கையாளரின் வரைபடத்தை எடுத்து நீட்டினால், நாளைக்கு இவருடையதையும் இன்னொருவரிடம் காட்டுவோம் என்றுதான் நினைப்பார்.

ஏன் வீடியோ, நேரில் போகக் கூடாதா என்று கேட்கலாம். நான்கைந்து மணி நேரம் பயணம் செய்து ஒருவர் வாசலில் வந்து நின்றால், 25 நிமிடத்தில் எழுந்து போகச் சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்தச் சங்கடத்தை நினைத்தே நேரம் கொடுக்கத் தயங்குவார்கள். நேரில் போவதை இரண்டாம் சந்திப்புக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்குள் அவரே மாத்தூருக்கு வந்து பட்டறையைப் பார்க்கிறேன் என்று சொன்னாலும் சொல்வார்.

சம்மதம் வந்ததும் காலண்டர் அழைப்பு அனுப்புவீர்கள். அதன் உள்ளே வெறும் "மீட்டிங்" என்று போடாமல், மேலே சொன்ன நிகழ்ச்சி நிரலை அப்படியே ஒட்டுங்கள். பத்து நாள் கழித்து அவர் திறந்து பார்ப்பது அந்த அழைப்பைத்தான், உங்கள் மெயிலை அல்ல. முடியும் நேரமும் 11.25 என்றே இருக்கட்டும். அந்த நேரம் வந்ததும் "நேரமாகிவிட்டது, நிறுத்தவா?" என்று நீங்களே கேளுங்கள். தொடரலாம் என்று சொல்ல வேண்டியது அவர்.

வரும் பதிலை வைத்தே மெயிலில் என்ன குறை என்று கண்டுபிடிக்கலாம். "புரோஷர் அனுப்புங்கள்" என்று பலரிடமிருந்து வந்தால், சந்திப்பில் என்ன நடக்கும் என்பது புரியவில்லை என்று பொருள். "கிலோவுக்கு என்ன ரேட்?" என்று வந்தால், விலை பேசத்தான் வருகிறோம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார், விலை பற்றிய வரியை மேலே கொண்டுவர வேண்டும். வேறொருவருக்கு மாற்றிவிட்டால் நல்லதுதான், ஆள் மட்டும் தவறு. ஒப்புக்கொண்டு வராமல் போனால், ஒருமுறை மட்டும் புதிய நேரம் கேட்டு எழுதலாம்.

இந்த மெயில் இல்லாத தேவையை உண்டாக்காது. ஹாப்பர் வெளியே கொடுக்காத கம்பெனி எப்படி எழுதினாலும் கொடுக்கப் போவதில்லை. அந்த "இல்லை" இரண்டு நாளில் தெரிந்துவிடும், அவ்வளவுதான். அரசு, பொதுத்துறை டெண்டர்களுக்கும் இது வழியல்ல. அங்கே சந்தேகம் கேட்க டெண்டருக்கு முந்தைய கூட்டம் வைத்தால், அதன் தேதி டெண்டர் ஆவணத்திலேயே இருக்கும். அதிகாரிக்குத் தனியாக மெயில் போட்டு நேரம் கேட்பது அவரையும் சிக்கலில் விடும்.

நம் சங்கத்துக்கும் கூரைச் சோலார் கம்பெனிகளிடமிருந்து "பத்து நிமிடம் போதும்" என்று மெயில்கள் வருவதாகச் செயலாளர் சொன்னார். என்ன பேசப் போகிறீர்கள், பொது மின்கட்டண ரசீதைத் தவிர வேறென்ன நாங்கள் எடுத்து வைக்க வேண்டும், அன்றே கையெழுத்து கேட்பீர்களா என்று மூன்று வரியில் பதில் போடச் சொல்லியிருக்கிறேன். பதில் அனுப்புகிற கம்பெனிகளை அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைக்கலாம்.

பட்டறை வைத்திருக்கும் பிள்ளைகள் தாங்கள் எழுதிய மெயிலை அச்செடுத்துக்கொண்டு ஞாயிறு காலை வீட்டுக்கு வரட்டும், உட்கார்ந்து பார்ப்போம்.