மாற்று வினாத்தாள் எவ்வாறு அமைதல் வேண்டும்?

(ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டமொன்றில் நாம் நிகழ்த்திய உரை)



2023 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. உயர்தரப் பரீட்சை 2024 சனவரியில் நடைபெற்றதை நீங்கள் அறிவீர்கள். அப்பரீட்சையில் விவசாய விஞ்ஞான இரண்டாம் வினாத்தாள் முன்கூட்டியே வெளியாகிவிட்டமையால் அது இரத்துச் செய்யப்பட்டது. முதலாம் வினாத்தாளும் அதனைத் தொடர்ந்து இரத்தாயிற்று. 2024 பெப்ரவரி முதலாம் திகதி மாணவர்கள் இரண்டு தாள்களையும் புதிதாக எழுத நேர்ந்தது. கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் விரும்பிக் கற்கும் பாடம் அது. குற்றஞ்செய்தவர் யார் என்பதை ஆராய்வது பொலிசாரின் கடமை. நாம் இன்று ஆராயப் புகுவது வேறொன்று. ஒரு வினாத்தாள் கெட்டுப்போனால் அதனிடத்தில் வைக்கப்படும் மற்றொரு வினாத்தாள் முன்னையதற்கு ஒப்பானதே என்பதற்கு உறுதி யாது? அவ்வுறுதியை எவ்வாறு முன்னரே தேடி வைக்கலாம்?

மாற்று வினாத்தாள் என்றதும், பிரதான வினாத்தாளில் இடம்பெறாது எஞ்சிய வினாக்களைக் கொண்டு தொகுக்கப்படும் தாள் என்றே பலர் கருதுவர். அங்கேதான் தவறு தொடங்குகின்றது. சிறந்த வினாக்களை ஒரு தாளுக்கு எடுத்துக்கொண்டபின் மிஞ்சுபவை இரண்டாந்தர வினாக்களே. ஆதலின் இரண்டு தாள்களும் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒரே வேளையில் பிறத்தல் வேண்டும். ஒவ்வொரு வினாவும் எழுதப்படும்போதே அதற்கு ஒரு சோடி வினாவும் எழுதப்படல் வேண்டும். பின்னர் சீட்டுக் குலுக்கி, சோடியில் எது முதற்றாளுக்கு, எது இரண்டாந் தாளுக்கு என்று பிரித்தல் வேண்டும். இரண்டு தாள்களும் முற்றுப்பெற்ற பின்னரே, எது பிரதானம், எது மாற்று என்பதும் சீட்டினாலேயே தீர்மானிக்கப்படல் வேண்டும். தாம் எழுதும் வினா எத்தாளுக்குப் போகும் என்பதை அறியாதவர் ஒன்றைக் கருத்தோடும் மற்றொன்றைக் கடமைக்காகவும் எழுதமாட்டார் அன்றோ!

சோடி வினா என்றால் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். யூரியாப் பசளையில் நைதரசன் 46 சதவீதம் உண்டு. “ஒரு நிலத்துக்கு 23 கிலோ நைதரசன் இடவேண்டுமாயின் எத்தனை கிலோ யூரியா வேண்டும்?” என்பது ஒரு வினா. விடை 50 கிலோ. இதற்குச் சோடியாக, “60 சதவீதம் போசணையுள்ள பொட்டாசுப் பசளையைக் கொண்டு 36 கிலோ போசணை இட எத்தனை கிலோ வேண்டும்?” என்று கேட்கலாம். விடை 60 கிலோ. இரண்டும் ஒரே அறிவையே சோதிக்கின்றன. கணக்கும் ஏறத்தாழ ஒரே அளவினதே. ஆனால் யூரியாவை அப்படியே வைத்துக்கொண்டு 23 என்ற எண்ணை 37 ஆக மாற்றிவிட்டால் விடை 80.43 என்று வரும். பசளையைப் பற்றிய அறிவு மாறவில்லை. வகுத்தற் கணக்கின் சுமை மாறிவிட்டது. பார்வைக்கு இவை சோடிபோலத் தோன்றினும், பரீட்சை மண்டபத்தில் இவ்வினா மாணவனின் இரண்டு நிமிடத்தைக் கூடுதலாக உண்டுவிடும்.

இனி, ஒப்புமையை அளப்பது எவ்வாறு? ஒரு வினாவுக்கு நூறு மாணவரில் 62 பேர் சரியான விடை எழுதினால் அவ்வினாவின் இலகுச் சுட்டி 62 சதவீதம் என்பர். ஐம்பது பல்தேர்வு வினாக்களின் சுட்டிகளைக் கூட்டினால் மாணவர் பெறக்கூடிய சராசரி விடைகளின் தொகை தெரியவரும். இரண்டு தாள்களுக்கும் சராசரி ஒன்றாயின் தாள்களும் ஒப்பானவை என்று சிலர் திருப்தியடைந்து விடுகின்றனர். அது போதாது. ஒரு தாளில் ஐம்பது வினாக்களும் 50 சதவீதச் சுட்டியுடையவை என்று கொள்வோம், சராசரி 25. மற்றொரு தாளில் இருபத்தைந்து வினாக்கள் 90 சதவீதம், இருபத்தைந்து வினாக்கள் 10 சதவீதம். சராசரி அப்போதும் 25 தான். ஆயினும் இரண்டாந் தாளில் இலகுவான வினாக்களை அநேகமாக எல்லோரும் செய்துவிடுவர். கடினமானவற்றை அநேகமாக எவரும் செய்யார். மாணவர் யாவரும் 25 ஐச் சுற்றியே நெருங்கி நிற்பர். ஓரிரு வினாவிற் பல்கலைக்கழக அனுமதி போய்விடும். ஆகவே சராசரியோடு, இலகுவான வினா எத்தனை, நடுத்தரம் எத்தனை, கடினம் எத்தனை என்ற பங்கீடும் பாட அலகுதோறும் ஒத்திருத்தல் வேண்டும்.

இச்சுட்டிகளைப் பரீட்சைக்கு முன்னரே அறிவது இலகுவன்று. வினாக்களை ஈராண்டுகளுக்கு முன்பே சிறு சிறு தொகுதிகளாகப் பிரித்து, வெவ்வேறு மாவட்டங்களில் வேறு பயிற்சி வினாக்களோடு கலந்து பரிசோதித்துப் பார்ப்பது ஒரு வழி. எந்தப் பாடசாலையும் நாலைந்து வினாக்களுக்கு மேற் காணலாகாது. அத்தொகுதிகளில், நாடளாவிய சுட்டி ஏற்கனவே தெரிந்த பழைய வினாக்கள் சிலவும் இருத்தல் அவசியம். நாடெங்கும் 55 சதவீதத்தினர் சரியாகச் செய்த பழைய வினாவை அப்பாடசாலையில் 65 சதவீதத்தினர் செய்தால், அம்மாணவர் சராசரியிலும் வல்லவர் என்பது விளங்கும். அவர்களிடமிருந்து கிடைத்த புதிய வினாவின் சுட்டியையும் அதற்கேற்பக் குறைத்தே கணித்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் நன்று. இரண்டு தாள்களை ஒப்பிடுவதற்கு, இரண்டிலும் சில வினாக்களைப் பொதுவாக வைப்பது பரீட்சைத் துறையின் வழமை. மாற்று வினாத்தாளுக்கு அவ்வழி உதவாது. பிரதான தாள் வெளியாகிவிட்டதென்றால் அதிலுள்ள பொது வினாக்களும் வெளியானவையே. அவை மாற்றுத் தாளிலும் இருக்குமாயின் களவு அங்கும் தொடரும். ஆகவே இரு தாள்களுக்கிடையில் ஒரு வினாவேனும் பொதுவாக இருத்தலாகாது. பழைய வினாக்களோடு செய்த அந்த முற்பரிசோதனையே அவற்றை இணைக்கும் பாலம்.

மொழியைப் பற்றியும் கூறவேண்டியவர்களாக உள்ளோம். நமது நாட்டில் வினாத்தாள் மூன்று மொழிகளில் அச்சாகின்றது. மாற்றுத் தாளை அவசரத்தில் மொழிபெயர்த்தால், சிங்களத்தில் ஒப்பாயிருக்கும் தாள் தமிழில் கடினமாகிவிடும். பாடநூலில் ‘சேதனப் பசளை’ என்று கற்ற மாணவன் வினாத்தாளில் வேறொரு சொல்லைக் கண்டால் அறிந்த விடயத்திலும் தடுமாறுவான். எனவே இரண்டு தாள்களின் மொழிபெயர்ப்பும் ஒரே காலத்தில், ஒரே கலைச்சொற்றொகுதியைக் கொண்டு, அப்பாடத்தைத் தமிழிற் கற்பித்த ஆசிரியரின் பார்வையின் கீழ் நடைபெறல் வேண்டும். முற்பரிசோதனையிலும் மொழிவாரியாகச் சுட்டிகளைப் பார்த்தல் அவசியம். மற்றைய வினாக்களெல்லாம் இருமொழியினருக்கும் ஒத்துச் செல்ல, ஒரு வினா மாத்திரம் சிங்களத்தில் 60, தமிழில் 40 என்று விலகி நிற்குமாயின், மாணவரைக் குறை கூறுமுன் அவ்வினாவின் தமிழ் வாசகத்தை எடுத்துப் படித்தல் வேண்டும்.

மாற்றுத் தாள் ஆயத்தமாகிவிட்டது; அதனை எடுப்பது எப்போது? இதில் அண்டை நாட்டின் அனுபவம் நமக்குப் பாடமாகும். இந்தியாவில் 2024 மே 5 ஆம் திகதி மருத்துவக் கல்லூரிகளுக்கான ‘நீற்’ தேர்வு நடைபெற்றது. இருவகைத் தாள்கள் இருவேறு வங்கிகளில் வைக்கப்பட்டிருந்தன. எந்த வங்கியின் தாளைப் பெறுவது என்பது அன்றே அறிவிக்கப்படும் ஏற்பாடு. ஆயினும் சில நிலையங்களில் எடுக்கவேண்டாத தாள் எடுக்கப்பட்டது. சிலவற்றில் அது வழங்கப்பட்டபின் மீளப் பெறப்பட்டது; சிலவற்றில் மாணவர் அதனையே எழுதி முடித்தனர். இத்தகைய குழப்பம் உள்ளிட்ட காரணங்களால் நேரம் இழந்த 1,563 மாணவருக்குக் கருணைப் புள்ளிகள் வழங்கப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றபின் அப்புள்ளிகள் நீக்கப்பட்டு, யூன் 23 ஆம் திகதி அவர்களுக்கு மறுபரீட்சை வாய்ப்பு அளிக்கப்பட்டது. அலுமாரியில் ஒப்பான தாள் இருப்பது மாத்திரம் காவலாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா?

நமது நாட்டில் இவ்விடயம் இசட் புள்ளியோடு தொடர்புற்றது. மாணவனின் புள்ளியிலிருந்து அப்பாடத்தின் நாடளாவிய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் கிடைப்பதே அது. மாற்றுத் தாள் சிறிது கடினமாகி, சராசரி 50 இலிருந்து 44 ஆகக் குறைந்தது என்போம். நியம விலகல் 15. நாடு முழுவதும் அத்தாளையே எழுதினால், 59 பெற்றவனின் இசட் புள்ளி ஒன்று. பிரதான தாளில் அவன் 65 பெற்றிருந்தாலும் அதே ஒன்றுதான். சிறு வேறுபாட்டைக் கணக்கே சரிசெய்துவிடுகின்றது. ஆனால் பாதி நாடு ஒரு தாளையும் பாதி நாடு மறு தாளையும் எழுதி, புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்தால் பொதுச் சராசரி 47 ஆகும். 59 பெற்றவனுக்கு ஏறத்தாழ 0.78 தான் கிடைக்கும். இலகுவான தாளில் 65 பெற்ற அவனையொத்த மாணவனுக்கோ 1.18 கிடைக்கும். திறமை ஒன்று, தாள் வேறு, தீர்ப்பும் வேறு!

ஆதலின் விதி தெளிவாக எழுதப்படல் வேண்டும். பரீட்சைக்கு முன் கசிவு உறுதியானால், கசிந்த இடத்தில் மாத்திரமன்றி நாடு முழுவதிலும் மாற்றுத் தாளே வழங்கப்படல் வேண்டும். எத்தகைய சான்று போதுமானது, எவர் கட்டளையிடுவார், எத்தனை மணிக்குப்பின் மாற்றமுடியாது என்பவை முன்னரே எழுத்தில் இருத்தல் வேண்டும். இரவு பதினொரு மணிக்குக் கசிவுச் செய்தி வந்தபின் விதியைத் தேடுவோர் காலை எட்டரை மணிக்குள் நீதி செய்யமாட்டார்கள். பரீட்சை முடிந்தபின் கசிவு தெரியவந்தால் அதே மாற்றுத் தாள் மறுபரீட்சைக்கு உரியதாகும். ஆனால் அன்றே அது தன் மறைவை இழந்துவிடுகின்றது; மறுபரீட்சைக்கும் ஒரு காவல் வேண்டுமாயின் மூன்றாவது தாள் ஒன்று இருத்தல் வேண்டும்.

இவையெல்லாம் செலவு மிக்க காரியங்கள் என்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு பாடத்துக்கும் இரு மடங்கு வினாக்கள், இரு மடங்கு மொழிபெயர்ப்பு, இரு மடங்கு அச்சு, இரு மடங்கு காவல். இரு தாளையும் காண்பவர் தொகை கூடக் கூடக் கசியும் வழியும் கூடும். அதனாற்றான் ஒப்பிடும் வேலையில் பெரும்பகுதியை வினா வாசகத்தைக் காணாது, அலகும் சுட்டியும் மாத்திரம் பொறித்த அட்டவணையைக் கொண்டே செய்தல் வேண்டும் என்கிறோம். வாசகம் இரண்டையும் படிப்பவர் ஒவ்வொரு மொழிக்கும் ஓரிருவர் போதும். அவர்களின் பெயர் பதிவேட்டில் இருக்கட்டும்.

பெரியோர்களே! அடுத்த பரீட்சைக்கு முன் பரீட்சைத் திணைக்களத்திடம் நாம் எழுத்தில் வினவவேண்டியவை மூன்று. மாற்றுத் தாள்கள் பிரதான தாள்களுடன் ஒரே காலத்தில் ஆயத்தமாகின்றனவா? தமிழ் வாசகம் அவ்வேளையிலேயே சரிபார்க்கப்படுகின்றதா? மாற்றும் கட்டளையை எவர், எப்போது, எச்சான்றின்மீது இடுவார்? வினாக்களின் மறைவு காக்கப்படட்டும். விதிகளை மறைக்க வேண்டிய தேவை இல்லை. இம்மூன்றையும் கேட்கும் விண்ணப்பத்தின் பிரதி மேசைமீது இருக்கின்றது. படித்துப் பார்த்து, உடன்பட்டோர் கையொப்பமிடுமாறு வேண்டி அமைகின்றோம்.