நீலமா ஆரஞ்சா: எந்தப் பால்ல புரோட்டீன் அதிகம்?

ராஜா அண்ணாமலைபுரத்துல ஜிம் போற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது: ஆவின்ல நீல பாக்கெட்டா, ஆரஞ்சா?

நீலம் டோன்டு மில்க், கொழுப்பு 3 சதவீதம். ஆரஞ்சு ஃபுல் க்ரீம், 6 சதவீதம். ஸ்கிம்டு பால்ல அதிகபட்சம் அரை சதவீதம்தான். ஆனா புரோட்டீன் மூணுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அரை லிட்டருக்கு சுமார் 16 கிராம். ஏன்னா புரோட்டீன் இருக்கறது ஆடையில இல்ல, ஆடை எடுத்த பிறகு மிஞ்சுற பால்ல.

அப்போ வித்தியாசம் எங்க? அரை லிட்டர் நீலத்துல 15 கிராம் கொழுப்பு, ஆரஞ்சுல 30. ஒரு கிராமுக்கு 9 கலோரினு வெச்சா, ஆரஞ்சுல 135 கலோரி கூடுதல். வெயிட் ஏத்தணும்னா அது லாபம். குறைக்கணும்னா நீலம் போதும், இன்னும் குறைக்கணும்னா ஸ்கிம்டு.

தயிருக்கும் இதே கணக்குதான். உறை ஊத்துறதால புரோட்டீன் கூடாது, குறையாது. 200 மில்லி கப்ல சுமார் 6 கிராம்.

மோர்லதான் பலரும் ஏமாறுறாங்க. 50 மில்லி தயிர்ல 150 மில்லி தண்ணி விட்டு அடிச்சா, அந்த டம்ளர்ல இருக்கறது ஒன்றரை கிராம்தான். வெயிலுக்கு மோர் குடிங்க, புரோட்டீன் கணக்குல தயிரை மட்டும் எழுதுங்க. கெட்டியா வேணும்னா துணியில கட்டித் தொங்கவிடுங்க. தண்ணி வடிஞ்சதும் அதே கப்ல புரோட்டீன் கூடும்.