எது எவ்வளவு நேரம் காத்திருக்கும்?

இரவுப் பணிக்கு வரும் ஒரு நர்ஸ், முந்தைய ஷிஃப்டில் இருப்பவரிடம் பொறுப்பை வாங்கும்போது ஒரு தாளில் வேலைகளைக் குறித்துக்கொள்கிறார். எத்தனை மணிக்கு யாருக்கு ஊசி, யாருக்கு சுகர் பார்க்க வேண்டும், யாருக்கு ட்ரிப்ஸ் மாற்ற வேண்டும் என்று பெரும்பாலும் கடிகாரத்தின் வரிசையில்தான் அது அமையும். அமைதியான இரவில் அந்த வரிசையே போதும். நான்கைந்து வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் இரவில் அதை வேறு விதமாக அடுக்க வேண்டும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, எந்த வேலை முக்கியம் என்பதல்ல. எது எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதுதான். நோயாளிக்கு எல்லா வேலையும் முக்கியம்தான். ஆனால் தாமதத்தால் வரும் கேடு எவ்வளவு சீக்கிரம் வரும், வந்தபின் அதைச் சரிசெய்ய முடியுமா என்பவை வேலைக்கு வேலை மாறுகின்றன.

இதை ஒரு கதையாகவே வைத்துப் பார்ப்போம். பொது மருத்துவ வார்டு ஒன்றில், புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு முதல் நெருக்கடியான இரவு. மணி பத்து. நான்காம் படுக்கையில் ட்ரிப்ஸ் பாட்டில் தீரப்போகிறது. துணைக்கு இருப்பவர் உரக்கக் கூப்பிடுகிறார். ஒன்பதாம் படுக்கையில் இருப்பவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்கிறார். பன்னிரண்டாம் படுக்கைக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் ஆன்டிபயாடிக் ஊசி; இது நான்காவது டோஸ். பதினைந்தாம் படுக்கையில் சர்க்கரை நோயாளி. இரவு உணவுக்கு முன் இன்சுலின் போட்டாயிற்று, ஆனால் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். வேர்க்கிறது, ஏதோ முனகுகிறார் என்று மனைவி வந்து தயக்கத்தோடு சொல்கிறார். ஏழாம் படுக்கையில் நிமோனியா நோயாளி. அவரைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. "இப்பத்தான் கண் மூடினார் சிஸ்டர், எழுப்பாதீங்க" என்று மட்டும் மகன் கேட்டுக்கொள்கிறார். புதிய நர்ஸ் கூப்பிட்ட வரிசையிலேயே போகிறார். பாட்டிலை மாற்றி, மாத்திரை கொடுத்து, ஊசி மருந்தைக் கலந்து போட்டுவிட்டுப் பதினைந்தாம் படுக்கைக்கு வரும்போது மணி பத்தரை. சுகர் 48.

அவர் செய்த எந்த வேலையும் தவறில்லை, வரிசைதான் தவறு. பாட்டில் தீர்ந்தால் ரத்தம் குழாயில் ஏறி ஊசி அடைத்துக்கொள்ளும். வேறு நரம்பில் குத்த வேண்டிவரும். அது நோயாளிக்கு வலி, ஆனாலும் சரிசெய்யக்கூடியது. அந்த நொடியில் குழாயின் திருகைக் குறைத்து வைத்தாலே கொஞ்ச நேரம் கிடைத்திருக்கும். ஆன்டிபயாடிக் பற்றி, அமெரிக்காவில் மருந்துப் பாதுகாப்புக்காக இயங்கும் ஐ.எஸ்.எம்.பி. 2011-இல் தந்த வழிகாட்டுதல் தெளிவானது: ஒரு நாளில் சில முறை கொடுக்கும் சாதாரண மருந்துக்குக் குறித்த நேரத்துக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடமுண்டு, நேரம் தவறினால் கேடு தரும் மருந்துகளுக்கு அரை மணிதான். ஆகவே நான்காவது டோஸ் பதினொரு மணி வரை காத்திருக்கும். ரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் இப்போதுதான் சேர்ந்த ஒருவருக்கான முதல் டோஸாக இருந்தால், அதே ஊசி பட்டியலின் உச்சிக்குப் போயிருக்கும். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும். 48-இல் முனகுபவர் சிறிது நேரத்தில் நினைவிழக்கலாம், வலிப்பு வரலாம். விழுங்க முடிகிறவரை மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மீண்டும் சோதித்தால் போதும். விழுங்க முடியாத நிலைக்குப் போய்விட்டால் டாக்டரை அழைத்து நரம்பு வழியாக குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை பெரிய வேலையாக மாறிவிடும்.

சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பதினைந்து நிமிட இடைவெளியில் நர்ஸ் ஏழாம் படுக்கைக்குப் போகிறார். தூங்குகிறவரை எழுப்பாமலே மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணலாம். எட்டு மணிக்கு 20 இருந்தது, இப்போது 26. ஆக்ஸிஜன் அளவு 96-லிருந்து 93 ஆகிவிட்டது, நாடித் துடிப்பு 94-லிருந்து 112. லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய நியூஸ் என்ற மதிப்பெண் முறையில் போட்டுப் பார்த்தால், எட்டு மணிக்கு அவருக்கு 1. இப்போது மூச்சுக்கு 3, ஆக்ஸிஜனுக்கு 2, நாடிக்கு 2, ஆக 7. அந்த முறைப்படி ஏழும் அதற்கு மேலும் அவசர நிலை. அவர் கண் மூடியது உறக்கத்தால் அல்ல, களைப்பால். நர்ஸ் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, டியூட்டி டாக்டரை அழைக்கிறார். வார்டில் யாருமே கூப்பிடாத படுக்கைதான் அந்த இரவின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும். மூச்சுக்குத் திணறுகிறவருக்கும் சர்க்கரை இறங்கியவருக்கும் உரக்கக் கூப்பிடத் தெம்பிருக்காது. சத்தத்தை வைத்து வரிசை போட்டால் தெம்புள்ளவரே முதலில் கவனிக்கப்படுவார்.

மதிப்பெண் முறையே இருக்கும்போது நர்ஸ் எதற்காகத் தனியாக வரிசைப்படுத்த வேண்டும் என்று கேட்கலாம். மதிப்பெண் அளந்ததை மட்டுமே சொல்லும். நியூஸில் ரத்தச் சர்க்கரைக்கு இடமே இல்லை. நீண்டகால நுரையீரல் நோயால் சிலருக்கு எப்போதுமே ஆக்ஸிஜன் குறைவாக இருக்கும். அவர்களுக்கென 2017 திருத்தத்தில் தனி அளவுகோல் சேர்க்க வேண்டிவந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, யாரை முதலில் போய் அளப்பது என்பதையே வரிசைதான் தீர்மானிக்கிறது. வலியோடு கேட்பவரைக் காக்கவைப்பது அநியாயமில்லையா என்பது இன்னொரு கேள்வி. அதில் நியாயம் உண்டு. அதனால்தான் நேரம் சொல்ல வேண்டும். "பதினொரு மணிக்குள்ள மாத்திரையோட வரேன் ஐயா" என்ற ஒரு வாக்கியம், அவருடைய வலியைக் கேட்டாயிற்று என்று அவருக்குச் சொல்லிவிடும். சொன்ன நேரத்தில் போகவும் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் எல்லாவற்றிலும் கனமானது. ஆள் பற்றாக்குறையை மறைக்க நர்ஸின் தலையில் கட்டும் பாடம்தானே இது என்பார்கள். வரிசைப்படுத்துவது கைகளின் எண்ணிக்கையைக் கூட்டாது. ஏழும் பதினைந்தும் ஒரே நிமிடத்தில் மோசமானால், ஒருவர் தனியாக இருக்கும் வார்டில் எந்த வரிசையும் உதவாது. இன்னொருவரைக் கூப்பிடுவதே முதல் வேலை. ஆனால் தாளில் ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் "பத்தரை வரை", "பதினொன்று வரை" என்று கெடு எழுதியிருந்தால், விடியும்போது எத்தனை கெடுக்கள் தவறின என்பது கண்ணுக்குத் தெரியும். இரவுக்கு இரவு அவை தவறிக்கொண்டே வந்தால், குறை நர்ஸின் வேகத்தில் இல்லை, ஆட்களின் எண்ணிக்கையில்தான் என்பதற்கு அந்தத் தாளே சான்றாகும்.

ஆகவே புதிய நர்ஸுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவதை அல்ல. அந்த எண்கள் பத்து நிமிடத்தில் பழசாகிவிடும். ஒவ்வொரு வேலைக்கும் கெடு எழுதுவதையும், யார் நிலையாவது மாறும்போதெல்லாம் அந்தக் கெடுவைத் திருத்துவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பொறுப்பை மாற்றிக்கொடுப்பவரும் ஒன்றாம் படுக்கையிலிருந்து வரிசையாக ஒப்பிக்காமல், யார் நிலை முதலில் மோசமாகக்கூடும் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அப்படித் தொடங்கியிருந்தால் அந்த இரவில் ஏழும் பதினைந்தும் எட்டு மணிக்கே தாளின் மேலே இருந்திருக்கும்.