தண்ணீர் குறைந்தால் மூன்று பேஸையும் பார்க்கணும்

போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கவில்லை. குழாயில் மட்டும் தண்ணீர் மெலிந்துவிட்டது. பம்பை வெளியே தூக்குவதற்கு முன், மோட்டார் ஓடும்போதே பேஸ்களுக்கிடையே வோல்டேஜை அளப்பது நல்லது.

410, 400, 360 என்று காட்டினால் சராசரி 390. பெரிய விலகல் 30, அதாவது ஏறத்தாழ 8 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டக்கூடாது. கரன்ட்டின் ஏற்றத்தாழ்வு அதைவிடப் பல மடங்காகி ஒரு சுருள் கொதிக்கும். மோட்டார் உறுமும், வேகமும் குறையும்.

வேகம் 4 சதவீதம் குறைந்தால் 100 மீட்டர் தள்ளும் பம்பு 92 மீட்டர்தான் தள்ளும். 90 மீட்டர் ஏற்ற வேண்டிய இடத்தில் மிச்சம் என்ன?

ஸ்டார்ட்டரில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் பொருத்தலாம். ஆனால் வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகை ஏமாறக்கூடும்: ஒரு பேஸ் போனாலும் ஓடும் மோட்டாரே அந்தக் கம்பியில் வோல்டேஜை உண்டாக்கிவிடும். கரன்ட்டை உணரும் வகை அப்போதும் மோட்டாரை நிறுத்திவிடும்.